காலாண்டு முடிந்த நாள் வேறு, கணக்கு வெளிவந்த நாள் வேறு

பி.இ. விகிதம் இவ்வளவுக்குக் கீழே, கடன் இவ்வளவுக்குக் கீழே என்று நிபந்தனை வைத்துப் பங்குகளை வடிகட்டும் ஒரு ஸ்கிரீன் போட்டு, அதைப் பழைய டேட்டாவில் ஓட்டிப் பார்த்து, அதாவது பேக்டெஸ்ட் செய்து, "பத்து வருடமாகச் சந்தையை முந்தியிருக்கிறது" என்று பகிரும் பதிவுகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. ஒவ்வொரு முறையும் எனக்குள் எழுவது ஒரே கேள்விதான். அந்த லாபக் கணக்கை எந்தத் தேதியில் கையில் எடுத்தீர்கள்? பதிவில் அதற்குப் பதில் இல்லையென்றால் மற்ற எண்களை நான் படிப்பதில்லை. கறாராகச் சொல்வதாகத் தோன்றலாம். ஆனால் நானே இந்தத் தவற்றைச் செய்து, ஓர் ஆண்டு உழைப்பை முழுக்கக் கலைத்துவிட்டு மறுபடி கட்டியவன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் அப்போது வைத்திருந்தது விலைக்கு வாங்கிய ஒரு டேட்டாபேஸ். அதில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஓர் ஆண்டுக்கு ஒரு வரி. அந்த வரியில் ஒரே ஒரு தேதி, நிதியாண்டு முடிந்த நாள். நானும் டிசம்பர் 31 என்று போட்டிருந்த லாபத்தை டிசம்பர் 31-ஆம் தேதி விலையோடு சேர்த்து ஸ்கிரீனை ஓட்டினேன். முடிவு அவ்வளவு அழகாக வந்தது. அந்த அழகைப் பார்த்தே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

தவறு எங்கே என்பதை எண்களோடு பார்த்தால்தான் மனதில் நிற்கும். எளிமைக்காக ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் பட்டியலிட்டது, நிதியாண்டு டிசம்பரில் முடிகிறது. அதன் நிகர லாபம், அமெரிக்கப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான எஸ்.இ.சி. நிறுவனங்களின் அறிக்கைகளை வெளியிடும் எட்கர் தளத்தில் இப்படிப் பதிவாகியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எண்கள் மில்லியன் டாலரில்.

```
end         val  form    filed
2021-12-31   60  10-K    2022-02-28
2022-12-31  120  10-K    2023-02-27
2022-12-31   70  10-K/A  2023-08-14
```

`end` என்பது கணக்கு எந்தக் காலத்துக்கு உரியது என்று சொல்கிறது. `filed` என்பது அந்தக் கணக்கு எப்போது ஊருக்குத் தெரிந்தது என்று சொல்கிறது. ஸ்கிரீனுக்கு இரண்டும் வேண்டும். `form`-இல் 10-K என்பது ஆண்டறிக்கை, 10-K/A என்பது அதற்குப் பின்னால் வந்த திருத்தம்.

2022 டிசம்பர் 30, ஆண்டின் கடைசி வர்த்தக நாள். நிறுவனத்தின் சந்தை மதிப்பு 1,000 மில்லியன். நம் நிபந்தனை பி.இ. 10-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது. அன்று உலகத்துக்குத் தெரிந்திருந்த கடைசி ஆண்டு லாபம் 60, அதாவது பி.இ. கிட்டத்தட்ட 16.7. இந்தப் பங்கு ஸ்கிரீனில் வராது. ஆனால் `end` தேதியை மட்டும் பார்க்கும் ஸ்கிரீன் 120-ஐ எடுத்து, பி.இ. 8.3 என்று கணக்கிட்டு, வாங்கு என்று சொல்லிவிடும். பிப்ரவரி 27 மாலையில் கணக்கு வெளியாகிறது, லாபம் இரட்டிப்பு என்று தெரிகிறது, மறுநாள் விலை 25 சதவீதம் ஏறுகிறது. பேக்டெஸ்ட் அந்த ஏற்றம் முழுவதையும் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது. நிஜத்தில் அந்தக் கணக்கைப் படித்துவிட்டு வாங்கப் போகிறவருக்குச் சந்தை மதிப்பு 1,250, பி.இ. 10.4. அவருடைய ஸ்கிரீனில் அன்றும் அது வராது. ஆக, யாருமே சம்பாதித்திருக்க முடியாத பணம் அது.

இதுவரை சொன்னதைப் பலரும் அறிவார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் மருந்து, கணக்கை மூன்று மாதமோ ஆறு மாதமோ தள்ளிப் பயன்படுத்துவது. நிதிப் பொருளியல் ஆய்வாளர்களான ஃபாமாவும் ஃபிரெஞ்சும் 1992-இல் எழுதிய ஆய்விலேயே, ஓர் ஆண்டில் முடிந்த நிதியாண்டின் கணக்கை அடுத்த ஆண்டு ஜூலையிலிருந்து வரும் வருவாயோடுதான் பொருத்தினார்கள். ஆறு மாதமாவது இடைவெளி விட வேண்டும் என்பது அவர்கள் கருத்து. சராசரிகளை ஆராய்வதற்கு அது நல்ல வழி. ஆனால் ஒரு ஸ்கிரீனை நம்பிப் பணம் போடப் போகிறவருக்கு அது போதாது என்பதுதான் இந்தப் பதிவில் நான் வாதாட விரும்புவது.

முதல் காரணம், தாமதம் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. அமெரிக்க விதிப்படி ஆண்டறிக்கைக்குப் பெரிய நிறுவனங்களுக்கு 60 நாள், நடுத்தர நிறுவனங்களுக்கு 75 நாள், சிறியவற்றுக்கு 90 நாள் கெடு. முடியாதவர்கள் `NT 10-K` என்ற படிவத்தைக் கொடுத்து மேலும் 15 நாள் எடுத்துக்கொள்ளலாம். அதையும் தாண்டிப் போகிறவர்கள் உண்டு. யார் தாண்டுகிறார்கள் என்று பாருங்கள். தணிக்கையாளரோடு தகராறு, உள்கணக்கில் ஓட்டை, கடன் நெருக்கடி. 90 நாள் என்று எல்லோருக்கும் ஒரே கோடு போட்டால், பெரிய நிறுவனத்தின் கணக்கை ஒரு மாதம் வீணாகக் காக்க வைக்கிறீர்கள். அதே நேரம், சிக்கலில் இருக்கும் நிறுவனத்தின் கணக்கை அது வெளியாகும் முன்பே படித்துவிடுகிறீர்கள். எந்தப் பங்குகளிலிருந்து நம்மைக் காப்பாற்ற ஸ்கிரீன் போடுகிறோமோ, பிழை சரியாக அங்கேயே போய்க் குவிகிறது.

இரண்டாவது காரணம்தான் எனக்கு அதிகம் உறுத்துவது. எவ்வளவு நாள் தள்ளினாலும் திருத்தப்பட்ட எண் திருத்தப்பட்ட எண்ணாகத்தான் இருக்கும். மேலே உள்ள மூன்றாவது வரிக்கு வாருங்கள். ஆகஸ்டில் நிறுவனம் தன் கணக்கைத் திருத்தி, லாபம் 120 அல்ல, 70 என்கிறது. சாதாரண டேட்டாபேஸ் பழைய 120-ஐ அழித்துவிட்டு அதே இடத்தில் 70-ஐ எழுதிவிடும். ஏப்ரல் மாதம் விலை கொஞ்சம் இறங்கிச் சந்தை மதிப்பு 1,150 ஆனது என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று நிஜமாக ஸ்கிரீன் ஓட்டிய ஒருவருக்கு பி.இ. 9.6. வாங்கியிருப்பார். ஆகஸ்டில் திருத்தம் வந்து விலை சரியும்போது அடி அவர் மேல் விழும். ஆனால் இன்று உட்கார்ந்து பேக்டெஸ்ட் செய்கிறவருக்கு டேட்டாபேஸ் 70-ஐத்தான் தருகிறது, பி.இ. 16.4. ஸ்கிரீன் அதைத் தொடவே தொடாது. நஷ்டம் சுவடில்லாமல் மறைந்துவிடுகிறது. முதல் தவறு இல்லாத லாபத்தைச் சேர்க்கிறது, இது இருந்த நஷ்டத்தை எடுத்துவிடுகிறது. இரண்டாவதை எந்த இடைவெளியாலும் சரிசெய்ய முடியாது. பழைய எண்ணை அழிக்காமல் வைத்திருப்பது ஒன்றே வழி. பாயிண்ட்-இன்-டைம் டேட்டா என்பதன் பொருளும் அதுதான். புதிய எண் வந்தால் புதிய வரி, பழைய வரி அப்படியே இருக்கும்.

எட்கர் இதை இலவசமாகவே தருகிறது. `companyfacts` என்ற வழியில் ஒரு நிறுவனத்தை எடுத்தால், ஒவ்வொரு எண்ணும் எந்த அறிக்கையில் எந்த நாள் வந்தது என்று, அறிக்கையின் பதிவு எண்ணான `accn`, தாக்கல் நாளான `filed` இரண்டோடும் வரும். ஆனால் கவனமாக இருக்க வேண்டும். அங்கேயே `frames` என்று இன்னொரு வழி இருக்கிறது. ஒரு காலாண்டுக்கு எல்லா நிறுவனங்களின் எண்ணையும் ஒரே இழுப்பில் எடுக்கலாம் என்பதால் ஆசையாக இருக்கும். அது தருவது கடைசியாகத் தாக்கல் செய்த எண்ணை. அதாவது 70-ஐ. பேக்டெஸ்டுக்கு அதைத் தொடாதீர்கள்.

நான் தடுக்கி விழுந்த இன்னோர் இடமும் அங்கே உண்டு. `fy` என்ற நெடுவரிசையைப் பார்த்ததும் கணக்கு எந்த ஆண்டுக்கு உரியது என்று நினைப்போம். அது அறிக்கையின் ஆண்டு. 2024 பிப்ரவரியில் வரும் ஆண்டறிக்கையில் ஒப்பீட்டுக்காக 2022, 2021 லாபங்களும் இருக்கும், அந்த வரிகளிலும் `fy` 2023 என்றே நிற்கும். காலத்தை `start`, `end` கொண்டுதான் தீர்மானிக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய ஓர் ஆண்டு இருக்கிறதா என்று பார்த்தால், அதே `end` தேதியில் ஒளிந்திருக்கும் காலாண்டு எண்களும் விலகிவிடும்.

விலையோடு சேர்க்கும்போது பலரும் பாண்டாஸில் `merge_asof` போட்டு, `filed` தேதிப்படி கடைசி வரியை எடுக்கிறார்கள். கடைசியாக வந்த வரி கடைசி ஆண்டுக்கு உரியதாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒரே நாளில் மூன்று ஆண்டுகளின் வரிகள் வருகின்றன. போன வருடக் கணக்கைத் திருத்திய அறிக்கை, இந்த வருடக் கணக்குக்குப் பிறகும் வரலாம். எனவே வரிசை முக்கியம். முதலில் அன்று தெரியாதவற்றை நீக்க வேண்டும். பிறகு மிச்சத்தில் மிகப் புதிய காலம், அந்தக் காலத்துக்கு மிகப் புதிய தாக்கல்.

```python
def known_on(facts, day):
    k = facts[facts["filed"] < day]
    k = k.sort_values(["cik", "end", "filed"])
    return k.groupby("cik").tail(1)
```

இதற்குள் போகும் `facts`-இல் ஒரே வகை எண், உதாரணமாக ஆண்டு நிகர லாபம் மட்டும், இருக்க வேண்டும். `cik` என்பது ஒவ்வொரு நிறுவனத்துக்கும் எட்கர் தரும் அடையாள எண். `<=` போடாமல் `<` போட்டதற்குக் காரணம் உண்டு. நியூயார்க் சந்தை மாலை 4 மணிக்கு மூடுகிறது. எட்கரில் 5.30 வரை வரும் தாக்கலுக்கும் அன்றைய தேதியே கிடைக்கும். அன்றைய முடிவு விலைக்கு வாங்கியதாகக் காட்டினால் மறுபடியும் திருட்டுப் பார்வைதான். இந்த முறை சற்றே அதிக எச்சரிக்கையானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நிறுவனங்கள் பெரும்பாலும் முழு அறிக்கைக்குச் சில நாள் முன்பே செய்திக்குறிப்பில் லாபத்தைச் சொல்லிவிடும், அந்த நாள்களை நாம் இழக்கிறோம். எனக்கு அதில் வருத்தமில்லை. பிந்தி அறிந்ததாகக் கணக்குப் போடுவதால் என் முடிவு கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். முந்தி அறிந்ததாகப் போட்டால் அது பொய்யாகிவிடும்.

உங்கள் ஸ்கிரீனில் கசிவு இருக்கிறதா என்று அறிய ஒரு சோதனை சொல்கிறேன். நாள்தோறும் ஸ்கிரீனில் எத்தனை பங்குகள் புதிதாக நுழைகின்றன, வெளியேறுகின்றன என்று வரைந்து பாருங்கள். ஜூன் 30, செப்டம்பர் 30, டிசம்பர் 31 என்ற தேதிகளில் மலை மாதிரி எழும்பி நின்றால் டேட்டா கசிகிறது, ஏனென்றால் அந்த நாள்களில் முடியும் காலத்தின் கணக்கு அன்றே வெளியாவதில்லை. சரியான டேட்டாவில் அசைவின் பெரும்பகுதி கணக்கு வரும் வாரங்களில், பிப்ரவரி, மார்ச் மாதங்களிலும் மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களின் முதல் பாதியிலும் பரவியிருக்கும். என் பழைய ஸ்கிரீனை இப்படி வரைந்தபோது காலாண்டு முடிவுகளில் வரிசையாகக் கம்பம் நட்டதுபோல் இருந்தது. இன்னொன்றும் செய்தேன். ஸ்கிரீன் அதிகம் சம்பாதித்ததாகச் சொன்ன இருபது தேர்வுகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் `accn` எண்ணைக் கொண்டு மூல அறிக்கையைத் திறந்து, அந்த லாபம் அந்தத் தேதிக்கு முன் அச்சாகியிருந்ததா என்று கண்ணால் பார்த்தேன். ஒரு மாலை நேர வேலைதான்.

இதற்கும் எல்லை உண்டு. எட்கரில் இப்படி எண்ணாக எடுக்கக்கூடிய தாக்கல்கள் 2009-இல் பெரிய நிறுவனங்களோடு தொடங்கி, 2011-இல்தான் எல்லோருக்கும் வந்தன. அதற்கு முந்தைய காலத்துக்குப் பழைய நிலவரத்தை அழிக்காமல் சேமித்து விற்கிறவர்களிடம் வாங்க வேண்டும், இல்லையென்றால் அந்த ஆண்டுகளை விட்டுவிட வேண்டும். நான் விட்டுவிட்டேன். என் பேக்டெஸ்ட் இப்போது 2011-க்குப் பிறகுதான் தொடங்குகிறது. பழைய படத்தில் இருந்த வருவாயில் பெரும்பகுதி இதில் இல்லை. ஆனால் இதில் மிஞ்சியிருக்கும் ஒவ்வொரு வாங்கலுக்கும், அன்று காலை நான் படித்திருக்கக்கூடிய அறிக்கையின் எண் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது.