எண்பது வீதம் முடிஞ்சுதாம்… எந்த எண்பது?

இடமாற்றம் கிடைத்ததும், பொறுப்பு ஒப்படைக்கிறேன் என்று ஒரு தாளை மேசையில் வைத்துவிட்டு ஹட்டன் பஸ் ஏறிப் போகிற ஆட்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தாளில் என்ன இருக்கும்? "மேற்பிரிவு தண்ணீர்த் திட்டம். 80% வேலை முடிந்தது. மிச்சப் பைப் பதிக்க வேண்டும். பைப் களஞ்சியத்தில் உண்டு. தோட்டத்து ஆட்கள் நல்ல ஒத்துழைப்பு. ஏதும் என்றால் போன் பண்ணவும்." கீழே கையெழுத்து, திகதி. போன் பண்ணினால் மூன்று நாளைக்கு எடுக்க மாட்டார். எடுத்தாலும், "அது பைல்ல இருக்கே" என்பார். பைலைத் திறந்தால் பெட்ரோல் பில்லும் கூட்ட அறிக்கையும்தான் கிடக்கும்.

ஐயா, எந்த எண்பது வீதம்?

மலையில் ஊற்றிலிருந்து லயத்துக்குத் தண்ணி கொண்டுவரும் ஒரு சாதாரண வேலையை உதாரணத்துக்கு எடுப்போம். ஊற்றுத் தாங்கி 1,480 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பைப் தேயிலை மலை வழியே இறங்கி, 1,395 மீற்றரில் ஓடையைக் கடந்து, மறுகரையில் ஏறி 1,430 மீற்றரில் லயத்துக்கு மேலே கட்டிய தாங்கிக்குப் போகிறது. மொத்தம் 1,800 மீற்றர். ஆறு மீற்றர் பைப் என்றால் 300 துண்டு. அதில் 240 பதித்தாயிற்று. ஆக எண்பது வீதம், கணக்கு சரி. ஆனால் மிச்சம் இருக்கிற 60 துண்டு எங்கே போக வேண்டியது? ஓடைக்குள், பாறை மேல், இரண்டு பக்கச் சரிவில். லேசான இடமெல்லாம் முடிந்து, கஷ்டமான இடம் முழுக்க அடுத்த ஆள் தலையில். இதற்கு எண்பது வீதம் என்று பெயர் வைத்தவரை என்னவென்று சொல்வது?

அதைவிடப் பெரிய கோளாறு மண்ணுக்குள் இருக்கிறது. நம் நாட்டில் பி.வி.சி. பைப் 400, 600, 1000 என்று வகைப்படுத்தி விற்கிறார்கள். அந்த எண் கிலோபாஸ்கலில் அது தாங்கும் அமுக்கம். தண்ணி பத்து மீற்றர் இறங்கினால் ஏறக்குறைய 100 கிலோபாஸ்கல் கூடும். ஊற்றுக்கும் ஓடைக்கும் 85 மீற்றர் வித்தியாசம். அப்படியென்றால் ஓடையடியில் 830 கிலோபாஸ்கலுக்கு மேல் வரும். 600 வகை அங்கே ஆகாது. 1,420 மீற்றருக்குக் கீழே போகும் ஒவ்வொரு துண்டும் 1000 வகையாக இருக்க வேண்டும். அதற்கு மேலே 600 போதும், காசும் மிச்சம்.

சிக்கல் என்னவென்றால் இரண்டுக்கும் வெளி விட்டம் ஒன்று. 1000 வகையின் சுவர் தடிப்பு, அவ்வளவுதான். ஒன்றின் சொக்கட்டுக்குள் மற்றது முணுமுணுக்காமல் போய் உட்காரும். மழைக்கு முன் முடிக்கிற அவசரத்தில் எது கைக்கு அகப்பட்டதோ அதைப் பூட்டி, மண்ணையும் தள்ளிவிட்டால் மேலே நின்று பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. பைப் உடம்பில் அச்சடித்த எழுத்துதான் சாட்சி. அது மண்ணுக்குள்.

"அதான் அமுக்கச் சோதனை செய்வோமே" என்று யாரும் வர வேண்டாம். சோதனை பூட்டுகளின் ஒழுக்கைக் காட்டும், பைப்பின் வகையைக் காட்டாது. 600 வகைப் பைப் 830இல் அன்றைக்கே வெடித்துவிடாது. புதுப் பைப்புக்கு அந்த அளவு தாக்குப்பிடிக்கிற தெம்பு இருக்கும். திறப்பு விழா நடக்கும், மாலை விழும், போட்டோ எடுப்பார்கள். பகலில் தண்ணி ஓடிக்கொண்டிருக்கும்போது ஓடையடி அமுக்கம் குறைவாகத்தான் இருக்கும். இரவில் லயத்தில் பீலி எல்லாம் மூடி, தாங்கி நிறைந்து, மிதவை வால்வு அடைத்ததும் முழு 830உம் அங்கே ஏறி நிற்கும். விடிந்ததும் இறங்கும். இப்படித் தினமும் ஏறி இறங்கி, என்றைக்காவது ஓர் இரவு சொக்கட் பக்கம் பிளக்கலாம். அடைமழையில் ஓடைக்குள் இறங்கி அதைத் தோண்டப் போவது இடமாற்றத்தில் போனவர் இல்லை.

"துண்டு 1 முதல் 150 வரை 600. துண்டு 151 முதல் 240 வரை 1000. துண்டு 190க்கும் 205க்கும் இடையில் என்ன போட்டது என்று நிச்சயமில்லை, தோண்டிப் பார்க்கவும்." மூன்று வரி! எழுத அரை நிமிசம் போகுமா? அந்தக் கடைசி வரிதான் முழுத் தாளிலும் விலை கூடியது. நிச்சயமில்லை என்று எழுதினால் கௌரவம் குறைந்துவிடும் என்று நினைத்து அதைத்தான் எல்லாரும் விழுங்கிவிடுகிறார்கள். சந்தேகம் எந்தத் துண்டில் என்று தெரிந்தால், வந்தவர் இரண்டு மூன்று குழி வெட்டி எழுத்தைப் பார்த்துவிட்டுப் போவார். தெரியாவிட்டால் 1,420க்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் தோண்ட வேண்டும், தேயிலை வேரோடு.

களஞ்சியத்துக்கு வாருங்கள். "பைப் உண்டு." எண்ணினால் 60 இருக்கிறது, சரி. ஆனால் 35 துண்டு 1000, 25 துண்டு 600. மிச்ச வேலையில் 1,420க்குக் கீழே போவது 240 மீற்றர், அதாவது 40 துண்டு. ஐந்து குறைகிறது. இந்த ஐந்தை மேலே தேவையில்லாத இடத்தில் பதித்தார்களா, முதலிலேயே குறைவாக வாங்கினார்களா என்று தாளில் ஒரு சொல் கிடையாது. புதியவர் என்ன செய்வார்? கையில் இருக்கும் 600ஐ ஓடைக்குள் போடுவார். எண்ணிக்கை சரிதானே!

எங்கே எந்த உயரம் என்பதை எப்படி அளந்தார்கள் என்றும் எழுதுங்கள். போனில் காட்டும் உயரத்தை நம்பி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது பத்து மீற்றர் முன்பின் போனாலும் ஆச்சரியமில்லை, நம் கணக்கில் பத்து மீற்றர் என்பது வகை மாறுகிற தூரம். பைப்பில் தண்ணி நிரப்பி, கடைசியில் அடைத்து, கேஜ் பூட்டிப் பார்த்தால் தண்ணியே உயரத்தைச் சொல்லும். எட்டு பார், அதாவது 800 கிலோபாஸ்கல், காட்டினால் கிட்டத்தட்ட 82 மீற்றர்.

சோதனை செய்த பகுதியையும் செய்யாத பகுதியையும் பிரித்துச் சொல்லாததும் இதே கூத்துத்தான். "சோதனை முடிந்தது" என்று எழுதியிருக்கும். எவ்வளவு அமுக்கத்தில், எத்தனை மணிநேரம், எந்த வால்விலிருந்து எந்த வால்வு வரை? ஈரத்தில் பசை தடவிய பூட்டு எது? ஒரு நாள் காய விடாமல் தண்ணி விட்டார்களா? வளைவில் போட்ட கொங்கிறீட் எத்தனை நாள் பழசு? மேட்டில் காற்று வால்வுக்கு இடம் விட்டிருக்கிறதா? இல்லாவிட்டால் ஊற்றில் தண்ணி பொங்கும், லயத்தில் பீலி இருமும். வந்தவர் அடைப்பு என்று நினைத்து நல்ல பைப்பை வெட்டுவார். உள்ளே இருப்பது வெறும் காற்று.

அடுத்தது ஊற்று. "தண்ணி தாராளம்" என்று ஒரு வரி. எந்த மாதத்துத் தாராளம்? 20 லீற்றர் வாளி 40 செக்கனில் நிறைந்தால் ஒரு நாளைக்கு 43,200 லீற்றர். அறுபது வீடு, வீட்டுக்கு ஐந்து பேர், ஆளுக்கு நூறு லீற்றர் என்றாலும் 30,000தான் வேண்டும், மிச்சமே இருக்கும். ஆனால் ஜூலையில், தென்மேல் மழை கொட்டும்போது பிடித்த வாளி அது. மார்ச்சில் அதே வாளி 80 செக்கன் எடுத்தால் 21,600. அறுபது வீட்டில் பதினாறு பதினேழு வீடு காயும். வாளி அளவோடு மாதத்தையும் எழுதாவிட்டால் அந்த எண்ணுக்கு ஒரு மதிப்பும் இல்லை.

தொடர்புகள் என்று ஒரு பட்டியல் இருக்குமே, அதைப் பார்த்தால் இன்னும் கொதிக்கும். பிரதேச சபை அலுவலகம், தோட்ட அலுவலகம், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என்று போன் புத்தகத்தில் இருப்பதையே திரும்ப எழுதியிருப்பார்கள். வேண்டியது அதுவா? ஊற்றுத் தாங்கிச் சாவி யார் வீட்டில்? கீழ்ப்பிரிவுத் தேயிலை வழியே கான் வெட்டப் பெரிய துரை எழுத்தில் சரி சொன்னாரா, ஜீப்பில் இருந்தபடி தலையாட்டினாரா? பாதையைக் குறுக்கே வெட்ட அனுமதி வந்துவிட்டதா, கடிதம் போனதோடு சரியா? முற்பணம் வாங்கிய மேசன் யார், எவ்வளவு வாங்கினார், எந்த வேலைக்கு? பைப் கடையில் கடன் பாக்கி உண்டா? இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கும் ஆட்களின் பெயரும், அவர்கள் எந்த நேரத்தில் கையில் அகப்படுவார்கள் என்பதும்தான் தொடர்பு. கொழுந்து எடுக்கிற நேரத்தில் சங்கத் தலைவியை போனில் பிடிக்க முடியாது, மாலை நிறுவை முடிந்த பிறகுதான் பிடிக்கலாம் என்று ஒரு வரி எழுதுங்கள். அதுதான் வந்தவருக்கு உதவும்.

எல்லாவற்றுக்கும் மேலே, வாய்வார்த்தை. அந்த ஊற்றின் வழிஞ்ச தண்ணியில் கீழ் லயத்து ஆட்கள் காலங்காலமாகக் குளிக்கிறார்கள், துணி துவைக்கிறார்கள். "உங்க பீலிக்கு வர்ற தண்ணிய நிப்பாட்ட மாட்டோம்" என்று கோயிலடியில் வைத்துச் சொல்லித்தான் வேலையே தொடங்கியிருப்பார்கள். அது ஒரு தாளிலும் இல்லை. புதியவர் வந்து, வீணாகப் போகிறதே என்று வழிவுக் குழாயை அடைப்பார். மறுநாள் காலையில் மேலே பைப் வெட்டிக் கிடக்கும். பிறகு அறிக்கை எழுதுவார்கள், "சமூக விரோதிகளின் செயல்" என்று. யாருங்க விரோதி? கொடுத்த வாக்கை அடுத்த ஆளிடம் சொல்லாமல் போனவர்தானே?

பொறுப்பு எடுக்கிறவர்களுக்கும் ஒன்று. மேசையில் வைத்துக் கையெழுத்துப் போடாதீர்கள். "வாங்க அண்ணே, ஒருக்கா நடந்து காட்டிட்டுப் போங்க" என்று ஊற்றிலிருந்து தாங்கி வரைக்கும் கூட்டிப் போங்கள். அட்டை கடித்தாலும் பரவாயில்லை. அவர் நிற்கிற இடமெல்லாம் ஒரு குச்சி நடுங்கள். வகை மாறும் இடம், சோதனை நின்ற இடம், சந்தேகத் துண்டு, காற்று வால்வு, ஓடை கடக்கும் இடம். குச்சியில் பெயின்ற்றால் எண் எழுதி, அதே எண்ணைத் தாளில் எழுதி, இரண்டு பேரும் அந்த மலையிலேயே கையெழுத்துப் போடுங்கள். களஞ்சியத்தில் பைப்பை வகை வகையாகப் பிரித்து எண்ணிய பிறகுதான் சாவி கைமாற வேண்டும். "நேரமில்லை, பஸ் போயிரும்" என்றால் அடுத்த பஸ்ஸில் போகட்டும்.