அப்பாவின் கைப்பேசியும் நகத்தளவு சில்லும்

சுங்கை சிப்புட்டில் கைப்பேசிக் கடைகளுக்குக் குறைச்சல் இல்லை. அதில் ஒரு கடையில் போன மாதம் எனக்கு வந்த கோபத்தை இங்கே கொட்டிவிடுகிறேன்.

அப்பா தவறிய பிறகு அவருடைய கைப்பேசி மேசையிலேயே கிடந்தது. கூரை ஒழுகி ஒரு ராத்திரி முழுக்க நனைந்து, அப்புறம் உயிர் வரவில்லை. படங்கள் எல்லாம் அதற்குள்தான். கடைக்காரர், “மெமரியைக் கழற்றிப் படித்துவிடலாம், 400 ரிங்கிட்” என்றார். நானும் தலையாட்டப் போனேன். நல்ல வேளை, பழுது பார்க்கும் தொழிலில் இருக்கும் என் மச்சான் தடுத்தார். “மாமா, அந்தச் சில்லில் படம் இருக்கும். ஆனால் யாராலும் பார்க்க முடியாது.”

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய கைப்பேசிகளில் அந்தக் கடைக்காரர் சொன்ன வழி பெரும்பாலும் நடக்கும். சேமிப்புச் சில்லைச் சூடு காட்டிப் பெயர்த்து, ரீடரில் வைத்தால் படங்கள் வந்துவிடும். இப்போது நடக்காது. ஆண்ட்ராய்டு 10 முதல், புதிதாக வரும் எல்லாக் கைப்பேசியும் உள்ளே இருப்பதைப் பூட்டியே எழுதுகிறது. பூட்டின சரக்கு ஒரு சில்லில், சாவி வேறொரு சில்லில்.

சாவி இருக்கும் இடம்தான் நாம் சும்மா ‘புரோசசர்’ என்று சொல்லும் நகத்தளவு சில்லு. பெயர்தான் புரோசசர், கணக்குப் போடும் கோர்கள் அதில் ஒரு பங்குதான். திரைக்குப் படம் வரையும் பகுதி, கேமராவிலிருந்து வருவதைப் படமாக்கும் பகுதி, வீடியோவைப் பிரிக்கும் பகுதி, பல கைப்பேசிகளில் சிக்னல் பிடிக்கும் மோடம் என எல்லாம் அதே சிலிக்கான் துண்டில் அக்கம்பக்கமாக இருக்கின்றன. ரேம் பெரும்பாலும் அதன் முதுகிலேயே ஏறி உட்கார்ந்திருக்கும். படங்களைச் சேமிக்கும் சில்லு மட்டும் தனி.

அந்தக் கூட்டத்தில் பாதுகாப்புக்கென்று ஒரு மூலை உண்டு. தொழிற்சாலையிலேயே ஒரு ரகசிய எண்ணை அதில் பொறித்துவிடுகிறார்கள், ஒவ்வொரு சில்லுக்கும் வேறு வேறு எண். பக்கத்தில் இருக்கும் கோர்கூட அந்த எண்ணைப் படிக்க முடியாது. ‘இதைத் திறந்து கொடு’ என்று கேட்டு வாங்க மட்டுமே முடியும். அந்த எண்ணும் நீங்கள் திரையில் போடும் பின் நம்பரும் சேர்ந்தால்தான் படங்களின் பூட்டுத் திறக்கும். ஆகவே இந்தச் சில்லு செத்தால், சேமிப்புச் சில்லு புத்தம் புதிதாக இருந்தாலும் உள்ளே இருப்பது வெறும் குப்பை எண்கள். திருடனுக்கு இது சரியான பூட்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெட்டியில் கேமராவைப் பற்றி இவ்வளவு பெரிய எழுத்தில் போடுகிறவர்கள் இதை ஒரு வரி போடக் கூடாதா?

சரி, அப்போது செய்ய வேண்டியது பலகைக்கு மறுபடி உயிர் கொடுப்பதுதான். மச்சான் பேட்டரியைக் கழற்றிவிட்டு, மேசை மின்வழங்கியில் 4 வோல்ட் கொடுத்தார். பொத்தானைத் தொடவே இல்லை, மின்வழங்கியின் முள் 1 ஆம்பியரைத் தாண்டியது. அணைந்து கிடக்கும் பலகை கிட்டத்தட்ட ஒன்றும் இழுக்கக் கூடாது. எங்கேயோ ஷார்ட். பலகை மேல் ரோசின் பிசினின் புகையை வெள்ளையாகப் படியவிட்டு, வோல்ட்டை 1-க்குக் குறைத்துக் கொடுத்தார். ஷார்ட் ஆன இடம்தான் சூடாகும்; ஓர் இடத்தில் மட்டும் வெள்ளை உருகிக் கறுப்புத் தெரிந்தது. கடுகைவிடச் சின்னக் கெப்பாசிட்டர், தண்ணீர் அரித்து உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டது. அதே மின்தடத்தில் அதைப் போல இன்னும் பல இருப்பதால், ஒன்றை எடுத்தாலும் குடி முழுகாது. எடுத்தார்.

இப்போது பொத்தானை அழுத்தினால் முள் ஏறி இறங்கி ஆடியது. அந்த ஆட்டத்தைத்தான் அவர் எதிர்பார்த்திருந்தார். சில்லு எழுந்து, சேமிப்பிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். முள் ஓரிடத்திலேயே நின்றிருந்தால் நிலைமை வேறு. முதல் கடையில் மெமரியைப் பெயர்க்கும் சூட்டில் பக்கத்துச் சில்லு போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். என் கோபம் அதற்குத்தான்.

திரை வந்தது, பின் நம்பர் கேட்டது. 4 எண். வேறு கணினியில் வைத்துக் கடகடவென்று எல்லா எண்ணையும் போட்டுப் பார்க்கவும் வழியில்லை. அந்தச் சில்லிடம்தான் கேட்க வேண்டும், 5 தடவை தப்பினால் அது 30 வினாடி காக்க வைக்கும். அப்பாவின் பிறந்த வருடம் போட்டோம். தப்பு.

“உங்கப்பா வேற என்னத்த வைப்பாரு, மோட்டார் நம்பரப் போடு” என்றார் அம்மா.

திறந்தது. கடைசியாக எடுத்த படம் ஒரு செல்ஃபி. பின்னால் செம்பனை மரம், முன்னால் அப்பாவின் நெற்றி மட்டும்.