நன்றி சொல்ல ஒரு விஷயம் போதும்

பண்டிகைக்கு ஒருவர் வீட்டில் தங்கிவிட்டு ஊர் திரும்பியதும் நாம் அனுப்பும் செய்தி பெரும்பாலும் "எல்லாமே அருமை, ரொம்ப நன்றி" என்றுதான் இருக்கிறது. அதில் பொய் இல்லை. ஆனால் அதே வரியை எந்த வீட்டுக்கும் அனுப்பலாம். அவர்கள் செய்ததில் ஒன்றே ஒன்றை எடுத்து முழுசாகச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

எதை எடுப்பது? நாம் கவனித்திருக்க மாட்டோம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருப்பதை. விருந்து எல்லோருக்கும் பொதுவாக நடந்தது. நமக்காக மட்டும் யாரோ யோசித்துச் செய்தது ஒன்று கட்டாயம் இருக்கும்.

இந்த முறை தோழி வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது நடுராத்திரி தாண்டிவிட்டது. விடியும் முன்பே வீடு மொத்தமும் எழுந்தாக வேண்டும். எனக்குக் கொடுத்த அறையில்தான் அவர்களுடைய துணி அலமாரி. காலையில் யாருமே உள்ளே வரவில்லை. எழுந்து வெளியே வந்தால், கூடத்து நாற்காலியில் ஆளுக்கொரு அடுக்காகத் துணிகள், மேலே சீப்பு, பவுடர் டப்பா. என் தூக்கம் கலையக் கூடாதென்று தோழியின் அம்மா முந்தின இரவே எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறார். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஊர் வந்ததும் அவருக்கு இப்படி எழுதினேன்:

"அம்மா, நீங்கள் ராத்திரியே துணியெல்லாம் கூடத்தில் எடுத்து வைத்திருந்ததைப் பார்த்தேன். அதனால்தான் நன்றாகத் தூங்கினேன், பகல் முழுக்க உங்களோடு சந்தோஷமாக இருக்க முடிந்தது. இவ்வளவு வேலைக்கு நடுவிலும் என்னை நினைத்திருக்கிறீர்கள். நன்றி அம்மா."

அவ்வளவுதான். அவர் செய்தது, நான் பார்த்தது, அதனால் எனக்குக் கிடைத்தது. "உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு கொடுத்துவிட்டேன்" என்று சேர்க்கவில்லை. சேர்த்தால் "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று அவர் நம்மைச் சமாதானப்படுத்த வேண்டிவரும், நன்றி நடுவில் காணாமல் போய்விடும்.

இன்னொன்று, அதைக் குடும்ப குரூப்பில் போடாமல் அவருக்கே அனுப்பினேன். குரூப்பில் போட்டால் நாலு பேர் கைகூப்பும் படம் போடுவார்கள், செய்தவருக்குச் சேர வேண்டியது பொதுவில் கரைந்துவிடும். படிக்கச் சிரமப்படுகிறவர் என்றால் குரலில் பேசி அனுப்பலாம். "வந்து சேர்ந்துட்டேன்" என்பதை அன்றைக்கே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கவலைப்படுவார்கள். நன்றியை மட்டும் ஓரிரு நாள் கழித்து, விருந்தாளிகள் எல்லாம் கிளம்பிப் போய் அவர்கள் கொஞ்சம் உட்காரும் நேரத்தில் அனுப்புங்கள்.

ரகசியமாகச் செய்த உதவியை மட்டும் எழுத்தில் வைக்காதீர்கள். கைச்செலவுக்குப் பணம் கொடுத்தது, அழுதபோது கூட உட்கார்ந்திருந்தது, இதெல்லாம் வீட்டில் மற்றவர்களுக்குத் தெரியாமல் நடந்திருக்கலாம். போனை யார் எடுத்துப் படிப்பார்கள் என்று நமக்குத் தெரியாது. அதற்குப் போன் பண்ணி, அவரிடம் மட்டும் சொல்லுங்கள்.