காது வெட்டிய நாய்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன்

சென்னையில் எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் மாதம் ஒருமுறையாவது இந்தச் சண்டை வரும். இரவு வேலை முடிந்து பைக்கில் வருபவரை நாய் துரத்தியிருக்கும். "1913-க்குப் போன் போடுங்க" என்பார் ஒருவர். மாநகராட்சி நாய் வண்டி வந்து நான்கைத் தூக்கிக்கொண்டு போகும். ஒரு வாரம் கழித்து அதே நான்கையும் அதே தெருமுனையில் இறக்கிவிட்டுப் போகும். அப்புறம்தான் குழு கொதிக்கும். "பிடிச்சதைத் திரும்பக் கொண்டுவந்து விடறதுக்கு எதுக்கு வரிப்பணம்?"

ஒரு காலத்தில் அந்தக் கேள்வியை அதிகம் கேட்டவன் நான்தான். இப்போது பதில் சொல்கிற பக்கம் வந்துவிட்டேன். ஆனால் மாநகராட்சிக்கு வக்காலத்து வாங்க எழுதவில்லை. திரும்ப விடுவது சரிதான். எங்கே எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதில்தான் எனக்குச் சண்டை இருக்கிறது.

திரும்ப விடுவது சட்டம். 2023-இல் வந்த விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, நாயைப் பிடித்து, கருத்தடை செய்து, ரேபிஸ் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். யாரோ நாய்ப்பிரியர் அழுததால் வந்த ஏற்பாடு இல்லை இது. சென்னையில் மாநகராட்சி நூறு வருடத்துக்கும் மேலாகத் தெருநாய்களைக் கொன்று பார்த்தது. 1996-இல் கருத்தடைக்கு மாறும்வரை அதுதான் வழி. நாய்கள் குறையவில்லை. ஒரு தெருவில் எத்தனை நாய் பிழைக்கும் என்பதை அங்கே கிடைக்கும் சாப்பாடுதான் முடிவு செய்கிறது. கோழிக்கடைக் கழிவும் குப்பைத் தொட்டியும் அப்படியே இருக்க, நாயை மட்டும் எடுத்தால் பக்கத்துத் தெரு நாய் வந்து உட்காரும். வந்தது புதுசு, யாரையும் தெரியாது, தடுப்பூசியும் போட்டிருக்காது. பழைய நாயாவது பால்காரரையும் பேப்பர் பையனையும் அடையாளம் வைத்திருக்கும்.

சரி, அப்படியானால் இத்தனை வருடம் கருத்தடை செய்தும் ஏன் குறையவில்லை? 2024-இல் சென்னையில் எடுத்த கணக்கெடுப்பில் ஏறத்தாழ 1.81 லட்சம் தெருநாய்கள் இருப்பதாகத் தெரிந்தது. அவற்றில் கருத்தடை ஆனவை 27 சதவீதம். இந்த 27 என்ற எண்ணை நம் ஆட்கள் "பரவாயில்லை, கால்வாசி முடிந்தது" என்று படிக்கிறார்கள். அது தப்பு. கருத்தடையில் கால்வாசி வேலைக்குக் கால்வாசிப் பலன் கிடைக்காது, கிட்டத்தட்ட ஒன்றுமே கிடைக்காது.

ஒரு மனக்கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு பேட்டையில் 100 நாய்கள், பாதி பெண். வருடத்துக்கு 20 நாய் லாரியில் அடிபட்டோ நோயிலோ சாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெண் நாய் வருடத்துக்கு ஒரே ஒரு ஈற்று, 5 குட்டி. உண்மையில் இரண்டு ஈற்றுகூட உண்டு, குறைத்தே போடுகிறேன். குட்டிகளில் நாலில் ஒன்று பிழைக்கிறது. இப்போது 27 சதவீதம் கருத்தடை ஆகியிருந்தால் 36 பெண் நாய்கள் ஈனும். 180 குட்டி, பிழைப்பது 45. செத்தது 20, வந்தது 45. இதையே 70 சதவீதத்துக்குக் கொண்டுபோனால் ஈனுவது 15 நாய்தான். 75 குட்டியில் பிழைப்பது சுமார் 19. சாவும் பிறப்பும் சமமாகிவிடுகிறது. அந்தக் கோட்டைத் தாண்டிய பிறகுதான் எண்ணிக்கை இறங்கவே ஆரம்பிக்கும். கோட்டுக்கு இந்தப் பக்கம் எவ்வளவு செய்தாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலைதான்.

சென்னை முழுவதற்கும் அந்த 70-ஐ எட்ட இன்னும் 78 ஆயிரம் நாய்களுக்கு அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். அதையும் இழுத்துக்கொண்டே போக முடியாது. பெண் நாய் ஆறேழு மாதத்தில் பருவத்துக்கு வந்துவிடும், சினைக்காலம் இரண்டு மாதம்தான். இந்த வருடம் விட்டுப்போன குட்டி அடுத்த வருடம் தாய்.

என் சண்டையே இங்கேதான் தொடங்குகிறது. இப்போது வண்டி புகார் வந்த இடத்துக்கு ஓடுகிறது. இன்று வேளச்சேரியில் நாலு, நாளை பெரம்பூரில் மூன்று. வருடக் கடைசியில் கூட்டினால் எண்ணிக்கை பெரிதாகத் தெரியும், செய்தியும் வரும். ஆனால் 200 வார்டிலும் கொஞ்சம் கொஞ்சம் தெளித்தால் எந்த ஒரு வார்டிலும் 70 வராது. ஒரு வார்டை எடுத்து, அங்கேயே உட்கார்ந்து, முடித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். அப்படிச் செய்தால் புகார் கொடுத்த மற்ற வார்டுக்காரர்கள் கவுன்சிலர் வீட்டு வாசலில் நிற்பார்கள் என்பதும் தெரியும். அந்தத் திட்டை வாங்கிக்கொள்ளத் தைரியம் வேண்டும்.

இன்னொரு விஷயம், எந்த நாயைப் பிடிக்கிறார்கள் என்பது. வலையோடு வரும் ஆளுக்கு எளிதில் மாட்டுவது, பழகிய, வாலாட்டிக்கொண்டு வருகிற நாய். ஆண் நாய்க்கு அறுவை சிகிச்சையும் சின்னது, சீக்கிரம் முடியும். பெண் நாய்க்கு வயிற்றைத் திறந்து கருப்பையையும் சினைப்பையையும் எடுக்க வேண்டும், நேரம் ஆகும், தேறவும் நாளாகும். அதனால் எண்ணிக்கைக்குக் கூலி என்றால் ஆண் பக்கம் சாய்வது இயல்பு. ஆனால் பத்து ஆணில் ஒன்பதுக்குச் செய்தாலும் மிச்சமிருக்கும் ஒன்று போதும், தெருவே குட்டியாகிவிடும். ஆகவே "எத்தனை நாய்" என்று கேட்காதீர்கள், "அதில் பெண் எத்தனை" என்று கேளுங்கள். கணக்கைச் சரிபார்க்க வழி இருக்கிறது. எடுத்த உறுப்புகளை வைத்திருந்து, கண்காணிப்புக் குழு எண்ணிப் பார்த்த பிறகே அழிக்க வேண்டும். கேட்க அருவருப்பாக இருக்கும். ஆனால் பொய்க் கணக்குக்கு அதைவிட நல்ல தணிக்கை எனக்குத் தெரிந்து இல்லை.

கருத்தடையையும் ரேபிஸையும் போட்டுக் குழப்பிக்கொள்வது அடுத்த பிரச்சினை. தமிழ்நாட்டில் 2024-இல் சுமார் 4.8 லட்சம் நாய்க்கடிகள் பதிவாயின, 43 பேர் ரேபிஸில் இறந்தார்கள். அறிகுறி தெரிந்துவிட்டால் காப்பாற்ற வழியில்லாத நோய். அதற்குக் கருத்தடை பலன் தரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தடுப்பூசிக்கு அறுவை அரங்கு வேண்டாம், நாயைக் கூண்டில் நாட்கணக்கில் வைக்க வேண்டாம். வலை போட்டுப் பிடித்து, ஊசி குத்தி, சாயம் தடவி, அங்கேயே விட்டுவிடலாம். கோவாவில் இதைத்தான் செய்தார்கள். வருடத்துக்குச் சுமார் 95 ஆயிரம் நாய்களுக்கு ஊசி போட்டு 70 சதவீதத்தைத் தொட்டார்கள். பிறகு தெருவில் நடந்து, சாயம் உள்ளது எத்தனை, இல்லாதது எத்தனை என்று எண்ணினார்கள். நாய்களிடையே ரேபிஸ் 92 சதவீதம் குறைந்தது. சென்னையும் 2025 ஆகஸ்டில் இதே மாதிரி ஒட்டுமொத்தத் தடுப்பூசியில் இறங்கியது நல்ல காரியம். ஆனால் அதை வருடா வருடம் செய்ய வேண்டும். ஊசியின் வீரியமும் குறையும், புதுக் குட்டிகளும் வந்துவிடும்.

வீட்டு நாய் உரிமம் பற்றிப் பேசினால்தான் நண்பர்களே எதிரியாகிறார்கள். நாயின் தோலுக்கடியில் மைக்ரோசிப், ஆன்லைன் விண்ணப்பம், இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம். "தெருவில் திரியறதை விட்டுட்டு வீட்ல இருக்கறதைப் பிடிக்கறாங்க" என்கிறார்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் தங்கை மகன், 9 வயது, மாடிப்படியில் கடி வாங்கினான். கடித்தது பக்கத்து வீட்டு நாய்க்குட்டி. "வீட்டு நாய்தான் சார், ஒண்ணும் ஆகாது" என்றார் உரிமையாளர். தடுப்பூசி அட்டை எங்கே என்றால் தேடினார், தேடினார், கிடைக்கவில்லை. போட்டதே இல்லை என்று அப்புறம் ஒத்துக்கொண்டார். பல் பதிந்து ரத்தம் வந்திருந்தது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவினோம். பதினைந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்பது அழுகிற பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் தெரியும். காயத்தைச் சுற்றி, உடனடி எதிர்ப்புச் சக்தி தரும் இம்யூனோகுளோபுலின் ஊசி, பிறகு அன்று, 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என்று தடுப்பூசி. குட்டி பத்து நாளும் நன்றாகவே இருந்தது. கடித்தபோது எச்சிலில் வைரஸ் இருந்திருந்தால் அதற்குள் அது செத்திருக்கும். அன்றுதான் என் தங்கை தூங்கினாள்.

உரிமம் என்றால் எனக்கு அந்த அட்டைதான். ரேபிஸ் ஊசி போட்ட சான்று இல்லாமல் உரிமம் கிடையாது, வருடா வருடம் புதுப்பிக்கவும் வேண்டும். சிப்புக்கு இன்னொரு பயனும் உண்டு. ஆசைக்கு வாங்கிய உயர்சாதி நாயை, வளர்ந்ததும் சமாளிக்க முடியாமல் புறவழிச்சாலையில் இறக்கிவிட்டுப் போகிறவர்களை, ஸ்கேனர் வைத்தால் பெயரோடு காட்டிக்கொடுக்கும்.

"எல்லாவற்றையும் காப்பகத்தில் அடைத்துவிடு" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 ஆகஸ்ட் 11-இல் உச்ச நீதிமன்றம் டெல்லிக்கு அப்படித்தான் சொன்னது. ஆகஸ்ட் 22-இல் வேறொரு அமர்வு மாற்றியது. ரேபிஸ் உள்ளது, மூர்க்கமானது தவிர மற்றவற்றை ஊசி போட்டுத் திரும்ப விடலாம் என்றது. பிறகு நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களுக்கு மட்டும் திரும்ப விடக்கூடாது என்றது. அந்தக் கடைசி உத்தரவில் எனக்கு நியாயம் தெரிகிறது, பிரசவ வார்டு வாசலில் நாய் படுத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஊர் மொத்தத்துக்கும் என்றால், 1.81 லட்சம் நாய்க்கு நாளைக்கு 40 ரூபாய் சாப்பாடு என்று வைத்தாலும் தினம் 72 லட்சம் ரூபாய். இடம், டாக்டர், ஆள் சம்பளம் எல்லாம் அதற்கு மேல்.

எங்கள் தெருக் கணக்கைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். கருத்தடை ஆனதும் மயக்கத்திலேயே காது நுனியில் சின்னதாக ஒரு வெட்டு வைத்துவிடுவார்கள். காலையில் பால் வாங்கப் போகும்போது அதைத்தான் பார்க்கிறேன். 11 நாயில் 8-க்கு வெட்டு இருக்கிறது. மிச்சம் மூன்றில் இரண்டு ஆண். மூன்றாவது செவலை, டீக்கடைப் பக்கம் படுத்திருப்பது. மூன்று முறை வண்டி வந்தது, மூன்று முறையும் வண்டிச் சத்தம் கேட்டதுமே காலி மனைக்குள் ஓடிவிட்டாள். போன மழையில் ஆறு குட்டி போட்டாள். இந்த முறை வண்டியைத் தெரு முனையிலேயே நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். தினம் அவளுக்குச் சோறு வைக்கிற டீக்கடை அக்காவே கயிற்றை மாட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை காலை ஆறு மணி. முட்டை என் செலவு.