குரு ஓரையும் கௌரியும் ஒன்றல்ல

நல்ல நேரம் பார்ப்பது பற்றி ஒருவர் சொன்னது: "குரு ஓரை இருந்தால் போதும், கௌரி பார்க்க வேண்டாம். இரண்டும் ஒன்றுதான்."

ஒன்றல்ல. ஓரை ஒரு மணி நேரம், கிரக வரிசையில் ஓடும். கௌரி பகலை எட்டாகப் பிரிக்கும், ஒரு பங்கு சுமார் ஒன்றரை மணி நேரம். அதனால் எல்லைகள் ஒட்டாது.

வெள்ளிக்கிழமை, உதயம் 6 மணி என்று வையுங்கள். காலையில் குரு ஓரை 10 முதல் 11 வரை. கௌரியில் 9 முதல் 10:30 வரை உத்தி என்ற நல்ல பங்கு, பிறகு விஷம் என்ற கெட்ட பங்கு. ஆக அந்த ஓரையில் இரண்டும் நல்லதாக அமைவது 10 முதல் 10:30 வரை அந்த அரை மணிதான். 9 மணிக்கே தொடங்கினால் உத்தி இருக்கும், ஆனால் சனி ஓரை.

இன்னொருவர் "ராகு காலம் தவிர்த்தால் போதும்" என்றார். பாதி சரி: பகல் விஷம் ராகு காலத்தோடுதான் வரும். ஆனால் ரோகம், சோரம் என்ற மற்ற கெட்ட பங்குகள் கவனிக்கப்படாமல் போய்விடும்.

உதயம் 6:20 என்றால் எல்லாமே நகரும், காலண்டர் நேரத்தை அப்படியே எடுக்காதீர்கள். ஓரையா கௌரியா எது முதலில் என்பதில் எங்கள் வீட்டிலேயே ஒற்றுமை இல்லை. நான் கௌரியில் வடிகட்டி, அப்புறம் வேலைக்கேற்ற ஓரையை எடுப்பேன்.