ஜனவரியில் கையில் எவ்வளவு இருக்கும்?

களுவாஞ்சிகுடியில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்துகிற ஒரு ஹார்ட்வெயார் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் கற்பனை. கணக்கும் வட்ட எண்களில் போட்டதுதான், ஆனால் நம் பக்கத்துக் கடைகள் ஓடுகிற விதத்தில் போட்டது. பெரிய செயின் கம்பனிகள் ஊர்க்கடைகளுக்குச் சாமான் தருகிறோம் என்று ஒப்பந்தத்தோடு வரும்போது முதலாளிமார் விலைப்பட்டியலைத்தான் முதலில் பார்க்கிறார்கள். பார்க்கவேண்டிய இடம் வேறு என்பது என் கருத்து. அதற்காகத்தான் இந்தக் கதை.

கடை மாதம் 30 இலட்சத்துக்குச் சாமான் வாங்குகிறது. சீமெந்து, கம்பி, பைப், பெயின்ட், டைல்ஸ் எல்லாம் அதில் அடக்கம். பாதி கைக்காசுக்குப் போகிறது. மற்றப் பாதி கடன். மண்டூர்ப் பக்கமிருந்து குருமண்வெளிப் பாதையால் வருகிற விவசாயிகளும் மேசன்மாரும் கொப்பியில் எழுதிவிட்டுப் போகிறார்கள், வெள்ளாமை வெட்டி விற்ற பிறகு தருகிறார்கள். சராசரி 90 நாள். அதாவது எந்த நேரத்திலும் கடையின் 45 இலட்சம் ஊருக்குள் நிற்கிறது. இதைத் தாங்குவது பழைய மொத்த வியாபாரி. அவர் 60 நாள் செக் வாங்கிக்கொண்டு சாமானைக் கடை வாசலிலேயே இறக்குகிறார். ஆக அவருடைய 60 இலட்சம் எப்போதும் இந்தக் கடைக்குள் சுழல்கிறது.

செயின் கம்பனியின் ஒப்பந்தம் இப்படி வருகிறது. பில்லில் 2 சதவீதம் குறைவு. மாதம் 30 இலட்சம் என்ற இலக்கைப் பன்னிரண்டு மாதமும் பிடித்தால் ஆண்டு முடிவில் இன்னும் 3 சதவீதம் கழிவு. தவணை 30 நாள், அதற்கு வங்கி உத்தரவாதம் வேண்டும். சாமானை மட்டக்களப்புக் களஞ்சியத்தில் வந்து ஏற்ற வேண்டும். சீமெந்தும் கம்பியும் வேறு யாரிடமும் வாங்கக்கூடாது.

தம்பி ஒரு கொப்பித் தாளில் கணக்குப் போட்டான். "அஞ்சு வீதம் அண்ணே. மாசம் ஒன்றரை இலட்சம். இப்ப ஆக்கள் போனிலயே விலை பாத்துட்டுத்தான் கடைக்கு வாறாங்க. நாங்க எடுக்காட்டி கல்முனையில இன்னொருத்தன் எடுப்பான்."

இதில் பொய் எதுவும் இல்லை. கைக்காசு வாடிக்கையாளர் டைல்ஸுக்கும் பாத்ரூம் சாமானுக்கும் விலை ஒப்பிட்டுத்தான் வருகிறார். தம்பியின் பயம் நியாயமானது.

அண்ணன் அதே தாளில் கழித்துக்கொண்டு போனார். பில்லில் கிடைக்கிற 2 சதவீதம் மாதம் 60,000 ரூபாய். தவணை 60 நாளிலிருந்து 30 நாளாகச் சுருங்கினால் 30 இலட்சத்தைத் தாங்களே போட வேண்டும். வங்கியில் 14 வீத வட்டிக்கு எடுத்தாலும் மாதம் 35,000. உத்தரவாதத்துக்கு வங்கி எடுக்கிற கட்டணம் மாதம் 5,000 என்று வைப்போம். லொறி வாடகை, நாட்டாமைக் கூலி எல்லாம் சேர்த்து மாதம் 48,000. அறுபதாயிரம் வர எண்பத்தெட்டாயிரம் போகிறது. மாதம் 28,000 நட்டம். அப்படியென்றால் இந்த ஒப்பந்தத்தின் முழு இலாபமும் ஆண்டு முடிவுக் கழிவில்தான் இருக்கிறது. அது 10 இலட்சத்து 80,000.

அந்தக் கழிவை எது தடுக்கும்? மழை. கார்த்திகை, மார்கழியில் நம் பக்கம் கட்டுவேலை படுத்துவிடும். நவம்பரில் 18 இலட்சம், டிசம்பரில் 16 இலட்சம்தான் ஓடும் என்றால், இலக்கைப் பிடிக்க 26 இலட்சத்துக்கு மேலதிகமாக வாங்கிப்போட வேண்டும். சீமெந்தாக வாங்கினால், பை 2,000 ரூபாய் என்று பார்த்தாலும் 1,300 பை, 65 தொன். கடலும் வாவியும் இரு பக்கமும் உள்ள ஊரில், மழை ஈரத்தில், பலகை போட்டுச் சுவரிலிருந்து தள்ளி அடுக்கினாலும் மூன்று மாதத்தில் பலம் குறையத் தொடங்கும். பைக்குள் கையை விட்டுப் பார்த்தால் தெரியும்: விரலால் நசுக்கினால் உடையாத கட்டி இருந்தால் அதைக் கொங்கிரீட்டுக்கு விற்கக்கூடாது.

தம்பி விடவில்லை. "சீமெந்து ஏன்? பைப்பா எடுத்துப் போடுவம். அது பழுதாகாதே."

நல்ல பதில். 26 இலட்சத்தை மூன்று மாதம் முடக்கினால் வட்டி ஏறக்குறைய 91,000. பன்னிரண்டு மாத நட்டமான 3,36,000 ரூபாயையும் இந்த வட்டியையும் முழுதாகக் கழித்தாலும் ஆண்டுக்கு ஆறு இலட்சத்துக்கு மேல் மிஞ்சுகிறது. இலாபம் என்று பார்த்தால் தம்பியே சரி. இதை ஒப்புக்கொள்ளாமல் அண்ணன் பக்கம் பேசுகிறவர்கள் கணக்கை முடிக்கவில்லை.

ஆனால் கடைகள் விழுவது இலாபக் கணக்கில் அல்ல, செக் வங்கிக்குப் போகிற நாளில். நவம்பர் பில்லுக்கு டிசம்பரிலும் டிசம்பர் பில்லுக்கு ஜனவரியிலும் காசு கட்ட வேண்டும். பெரும்போக நெல்லுக் காசு ஊருக்குள் இறங்குவது பெப்ரவரி, மார்ச்சில். ஆக, ஏற்கெனவே போட்ட 30 இலட்சத்தோடு இந்த 26 இலட்சமும் சேர்ந்து, ஜனவரியில் 56 இலட்சம் வெளியிலிருந்து வர வேண்டும். வங்கி அடமானம் கேட்கும். கடைக்காணி உறுதியோ உத்தரவாதத்துக்காக முன்பே வங்கிக்குள் போய்விட்டது.

பழைய வியாபாரிக்கு, செக் திகதிக்கு இரண்டு நாள் முதல் ஒரு கோல் எடுத்து "பத்து நாள் பொறுங்க" என்று சொல்லலாம். செயின் கம்பனியில் அப்படிப் பொறுக்கிற அதிகாரம் உள்ளவர் உங்கள் தொலைபேசியில் இருக்கமாட்டார். செக் திரும்பினால் அது கிரிப் அறிக்கையில் ஏறும், அடுத்த கடனுக்கு வங்கி அதைப் பார்க்கும். உத்தரவாதம் கேட்டவுடன் கொடுக்கும் வகையாக இருந்தால் கம்பனி ஒரு கடிதம் எழுதினாலே வங்கி பணத்தைக் கட்டிவிட்டு உங்களிடம் திரும்பி வரும். சாமான் நிற்பாட்டப்பட்ட மாதம் இலக்கும் தவறும், கழிவும் போகும். சீமெந்துக்குப் பழைய ஆளிடம் போகவும் வழியில்லை, ஒப்பந்தம் தடுக்கிறது.

14 வீதம் என்பதும் நல்ல காலத்து வட்டி. 2022 இறுதியில் இந்த நாட்டில் வங்கி வட்டி 25 வீதத்தைத் தாண்டியதை மறக்கக்கூடாது. 28 வீதமானால் அந்த 35,000 எழுபதாயிரமாகும்.

அண்ணன், தம்பி இருவரும் கடைசியில் மூன்று திருத்தம் எழுதிக் கொடுத்தார்கள். மாத இலக்குக்குப் பதிலாக ஆண்டுக்கு 3 கோடி 60 இலட்சம். நவம்பர், டிசம்பர் பில்லுக்கு மட்டும் 60 நாள். விலை கடை வாசலில் இறக்கிய விலை. கம்பனியின் பிரதேச அதிகாரி மூன்றாவதற்குச் சம்மதித்தார், முதல் இரண்டுக்கும் இல்லை. அந்த இரண்டும் இல்லாமல் கையெழுத்து வைக்கக்கூடாது என்பதுதான் என் நிலைப்பாடும். ஆண்டு இலக்காக இருந்தால் மழை மாதக் குறைவைச் சித்திரைக்குப் பிந்திய கட்டுவேலையில் சரிக்கட்டிவிடலாம். மாத இலக்கு நம் போகத்துக்கும் பருவத்துக்கும் பொருந்தாத இலக்கு.

இப்போதைக்கு ஒப்பந்தம் இல்லாமல் டைல்ஸும் பெயின்ட்டும் மட்டும் கைக்காசுக்கு அவர்களிடம் எடுக்கிறார்கள். சீமெந்தும் கம்பியும் பழைய இடத்தில். தம்பி ஒரு நிபந்தனை வைத்துத்தான் இதற்கு ஒத்துக்கொண்டான்: மார்ச் வசூலுக்குப் பிறகு கடன் கொப்பியை 90 நாளிலிருந்து 60 நாளுக்கு இறக்க வேண்டும். இறக்கினால் 15 இலட்சம் உள்ளே வரும், அப்போது ஜனவரித் தேவை 41 இலட்சம். அந்தத் தொகைக்கு வங்கி என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டு, ஒப்பந்தத்தைத் திரும்ப எடுப்பது என்று பேசியிருக்கிறார்கள்.