பச்சைத் தொட்டிக்குள் கட்டிப் போடும் கவர்

எங்கள் மஞ்சக்குப்பம் தெருவில் உள்ள வீடுகளுக்காகக் குப்பை பிரிப்பது பற்றி ஒரு நிமிடக் காணொளி தயாரிக்கலாம் என்று பேச்சு வந்தபோது, ஆளுக்கொரு செய்தியைச் சேர்க்கச் சொன்னார்கள். தொட்டிகளைச் சில நொடிகளில் சொல்லிவிட்டு, மீதி நேரம் முழுவதையும் ஒரே தவறுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

காய்கறித் தோல், மீந்த சோறு, மீன் கழிவு, வாடிய பூ ஆகியவை பச்சைத் தொட்டிக்கு உரியவை. தாள், அட்டை, பாட்டில், கழுவிக் காயவைத்த பால் கவர் ஆகியவை நீலத்துக்கு. நாப்கின், டயப்பர் ஆகியவற்றைத் தாளில் சுற்றித் தனியே கொடுக்க வேண்டும். அதற்குச் சிவப்புத் தொட்டி வைத்துக்கொள்வது வசதி. பிளேடு, காலாவதியான மாத்திரை, பழைய பேட்டரி போன்றவற்றை இவை எதனோடும் கலக்காமல் தனியே கொடுக்க வேண்டும்.

இவ்வளவும் தெரிந்த வீடுகளே செய்கிற தவறு, மக்கும் குப்பையைப் பிளாஸ்டிக் கவரில் இறுக்கக் கட்டிப் பச்சைத் தொட்டியில் போடுவதுதான். எங்கள் வீட்டிலும் நெடுநாள் அப்படித்தான் நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கரா மீன் ஆய்ந்த செதிலையும் குடலையும், நாற்றம் வரக்கூடாதென்று இரண்டு கவர்களில் கட்டிவைத்தோம். மறுநாள் காலையில் தூய்மைப் பணியாளர் அம்மா அதைக் கையால் கிழித்தபோது கறுத்த நீர் அவர் புடவையில் தெறித்தது. "கட்டாம குடுத்தாலே போதும்மா" என்று மட்டும் சொன்னார். அந்தக் காலையை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

நாற்றத்தை அடக்குவதாக நாம் நினைக்கும் அந்த முடிச்சே நாற்றத்தை உண்டாக்குகிறது. காற்று புகாத கவருக்குள் ஆக்சிஜன் தீர்ந்துவிடுவதால், குப்பை மக்காமல் அழுகி நீர் விடுகிறது. உரம் தயாரிக்கும் இடத்திலும் ஒவ்வொரு கவரையும் யாராவது பிரித்தாக வேண்டும். கிழிந்து கலந்த சிறு பிளாஸ்டிக் துணுக்குகள் சல்லடைக்கும் தப்பி உரத்தோடு வயலுக்குப் போய்விடுகின்றன.

இதற்கு மாற்றாக ஒரே ஓர் அன்றாடப் பழக்கம் போதும். இரவில் பாத்திரம் துலக்கத் தொடங்கும்போதே அன்றைய மக்கும் குப்பையை ஓட்டைக் கூடையில் கொட்டிச் சாய்த்து வைத்தால், துலக்கி முடிப்பதற்குள் நீர் வடிந்துவிடும். பிறகு தொட்டியின் அடியில் இரண்டு நாளிதழ்த் தாள்களை விரித்து அதன்மேல் போட வேண்டும். பளபளப்பான வார இதழ்த் தாள் ஈரத்தைச் சரியாக உறிஞ்சாது. சாம்பார், ரசம் போன்றவற்றை வடிகட்டாமல் ஊற்றினால் எந்தத் தாளும் தாங்காது. மீன் கழிவை மட்டும் தாளில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் வைத்து, காலைவரை ஃப்ரீசரில் வைக்கிறோம். வண்டி வந்ததும் தாளோடு பச்சைத் தொட்டியில் சேர்த்துவிடுகிறோம்.

வடித்தது போதுமா என்பதைக் காலையில் அடித்தாளைத் தூக்கிப் பார்த்தே அறியலாம். தாள் கிழியாமல் முழுதாக வந்தால் போதும். கையோடு பிய்ந்து வந்தால், அன்றிரவு இன்னும் கால் மணி நேரம் கூடுதலாக வடியவிட வேண்டும்.